பூட்டி வந்த ஜிப்: திறக்கும் முன் உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் சின்ன அலுவலகங்கள் சிலவற்றுக்கு நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் காலை அவற்றில் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, பையர்கிட்ட இருந்து மெயில் வந்திருக்குதுங்க. ஜிப்பா இருக்குது, பாஸ்வேர்டும் கீழயே போட்டிருக்காங்க. திறக்கலாமுங்களா?"

"இன்னும் திறக்கலையே?"

"இல்லீங்க. நாங்க கேக்காமயே வந்திருக்குது, அதான் கூப்பிட்டேன்."

அந்தக் கடைசி வரிதான் விஷயம். கேட்காமல் வந்த கோப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மற்றபடி மேலோட்டமாகப் பார்த்தால் அந்த மெயிலில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் சைஸ் சார்ட் பற்றி இந்த அலுவலகமே பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, அனுப்பிய மெயிலுக்குப் பதிலாகத்தான் வந்திருந்தது. கீழே பழைய பேச்சு முழுவதும் அப்படியே இருந்தது. மேலே இரண்டு வரி: திருத்திய ஆர்டரை இணைத்திருக்கிறோம், பாஸ்வேர்ட் 2207. இணைப்பின் பெயர் PO_revised.zip.

பழைய பேச்சின் தொடர்ச்சியாக வந்தால் நம்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இமோடெட் என்ற தீநிரல் அந்த நம்பிக்கையை வைத்தே பல வருஷம் பிழைத்தது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும் அங்குள்ள மெயில்களைத் திருடும். பிறகு அந்தப் பழைய உரையாடல்களுக்கே பதில் போடுவதுபோல அடுத்தவர்களுக்குத் தன்னை அனுப்பும். 2020-ல் அது பூட்டிய ஜிப்பையும் கையில் எடுத்தது, பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதிவிடும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தன. அந்த வருஷம் நவம்பரிலேயே மறுபடி வந்துவிட்டது. அந்த வழியை இன்று மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

பூட்டு எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். மெயில் உங்கள் பெட்டிக்கு வரும் வழியில் மெயில் சேவை இணைப்பைப் பிரித்துச் சோதிக்கிறது. ஜிமெயில் .exe, .js, .vbs, .lnk, .iso போன்ற கோப்புகளை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஜிப்புக்குள் சுருட்டி அனுப்பினாலும் தடுக்கும். பாஸ்வேர்ட் போட்டுவிட்டால் உள்ளிருக்கும் கோப்பைப் பிரித்துப் பார்க்க அதனிடம் சாவி கிடையாது. சாவி மெயிலில் எழுதியிருக்கிறது, படித்துத் திறக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நீங்கள்தான். ரகசியத்தைக் காக்கும் பூட்டு என்றால் சாவியை அதே கவரில் போட்டு அனுப்ப மாட்டார்கள்.

"எங்க பேங்கும் பூட்டித்தானே அனுப்புது?" என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அங்கே பாஸ்வேர்ட் மெயிலில் இருப்பதில்லை. ஆதார் தளத்தில் இறக்கும் பி.டி.எஃப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருஷத்தைச் சேர்த்தால் திறக்கும். அனுப்புபவருக்கும் உங்களுக்கும் முன்பே தெரிந்த ஒன்றுதான் சாவி. மெயிலைத் தற்செயலாகப் பார்ப்பவர் கையில் அது இருக்காது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: அது பூட்டிய பி.டி.எஃப், பூட்டிய ஜிப் அல்ல. பி.டி.எஃப்-ஐத் திறந்தால் ஒரு ஆவணம் வரும். ஜிப்பைத் திறந்தால் எது வேண்டுமானாலும் வரலாம்.

நல்ல எண்ணத்தோடு இதைத் தப்பாகச் செய்பவர்களும் உண்டு. ஜப்பானில் பூட்டிய ஜிப்பை ஒரு மெயிலிலும் பாஸ்வேர்டை அடுத்த மெயிலிலும் அனுப்புவது அலுவலகப் பழக்கமாகவே இருந்தது. இரண்டும் ஒரே வழியில் போவதால் திருடுபவனுக்கு இரண்டும் கிடைக்கும், வைரஸ் சோதனை மட்டும்தான் கெடும். 2020 நவம்பரில் டிஜிட்டல் சீர்திருத்த அமைச்சர் தகுயா ஹிராய், அரசு அலுவலகங்களில் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தார். எனவே பூட்டிய ஜிப் வந்த உடனே அனுப்பியவர் திருடன் என்று சொல்லிவிட முடியாது. சோதனை செய்யப்படாத ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். சோதிக்கிற வேலை இனி உங்களுடையது.

அந்தச் சோதனையைப் பாஸ்வேர்டைத் தொடாமலே பாதி செய்துவிடலாம். இது பலருக்குத் தெரியாது. ஜிப்பின் பூட்டு கோப்புகளின் உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, அவற்றின் பெயர், அளவு, தேதி எல்லாம் பூட்டில்லாமல் வெளியிலேயே எழுதியிருக்கும். பார்சல் கட்டி முத்திரை வைத்தாலும் மேலே ஒட்டிய சரக்குப் பட்டியலைப் படிக்கலாம் அல்லவா, அதுபோலத்தான்.

காலையில் கூப்பிட்ட பெண்ணிடம் போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். ஜிப்பை டெஸ்க்டாப்பில் சேமிக்க வேண்டும். விண்டோஸில் அதை இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு ஃபோல்டர்போலத் திறக்கும், பாஸ்வேர்ட் கேட்காது. உள்ளே தெரிகிற கோப்பை மட்டும் தொடக் கூடாது. மேலே View-ல் Details தேர்ந்தெடுத்தால் பட்டியல் பத்தி பத்தியாக வரும்.

"என்ன பேரு தெரியுது?"

"PO_revised.pdf-னு இருக்குதுங்க. பிடிஎஃப் தானுங்களே?"

"பக்கத்துல Type-னு ஒரு பத்தி இருக்கும், அதுல என்ன போட்டிருக்குது?"

"JavaScript File-னு..."

அதற்கு மேல் அந்தக் கோப்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அதன் முழுப்பெயர் PO_revised.pdf.js. தனக்குத் தெரிந்த வகைக் கோப்பாக இருந்தால் பெயரின் கடைசித் துண்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். கடைசித் துண்டான .js மறைந்துவிட்டது, அதற்கு முன் அலங்காரத்துக்கு வைத்த .pdf கடைசிபோல நின்றது. இது பழைய வித்தை. 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய காதல் கடித வைரஸின் கோப்புப் பெயர் LOVE-LETTER-FOR-YOU.TXT.vbs. திரையில் .TXT வரைதான் தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறந்தார்கள். இத்தனை வருஷம் ஆகியும் விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துத்தான் தருகிறது. எனக்கு இது புரியவே இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் அதை இன்றே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-ல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து View, அதில் Show, அதில் File name extensions. விண்டோஸ் 10-ல் View பட்டையிலேயே அதே பெயரில் ஒரு பெட்டி இருக்கும். அதன் பிறகும் Type பத்தியைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம், ஏனென்றால் இரண்டு ஓட்டைகள் பாக்கி இருக்கின்றன. ஷார்ட்கட் கோப்பின் .lnk என்ற துண்டு இந்த அமைப்பை மாற்றினாலும் தெரியாது. Type பத்தியில் Shortcut என்று வருவதை வைத்துத்தான் பிடிக்க முடியும். இன்னொன்று, வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் உள்ள ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அதைப் பெயருக்கு நடுவில் செருகினால் பின்னால் வருவது திருப்பிக் காட்டப்படும். invoice_ என்பதற்குப் பின் அந்த எழுத்தையும் fdp.exe என்பதையும் வைத்தால் திரையில் invoice_exe.pdf என்று தெரியும். கண் ஏமாறும், Type பத்தி ஏமாறாது. அங்கே Application என்றே இருக்கும்.

மேக்கில் இரண்டு முறை கிளிக் செய்தால் ஜிப் உடனே பிரிய ஆரம்பித்துவிடும். அங்கே டெர்மினலில் பட்டியலை மட்டும் கேட்கலாம், லினக்ஸிலும் இதே கட்டளைதான்:

```
unzip -l PO_revised.zip
```

பட்டியலைப் பார்க்கவே பாஸ்வேர்ட் கேட்டால் அது சாதாரண ஜிப் அல்ல. .rar, .7z ஆகிய இரண்டு வகையிலும் கோப்புப் பெயர்களையும் சேர்த்துப் பூட்டும் வசதி உண்டு, ஆனால் அனுப்புபவர் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சாதாரண ஆர்டருக்கு யாரும் அந்த மெனக்கெடல் செய்ய மாட்டார்கள்.

சரி, பட்டியலில் எது இருந்தால் பயப்பட வேண்டும்? நீளமான அட்டவணைகள் எத்தனையோ இருக்கின்றன, மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரே கேள்வி போதும்: இரண்டு முறை கிளிக் செய்தால் இந்தக் கோப்பு படிக்கப்படுமா, இயங்குமா? .jpg, .txt போன்றவை படிக்கப்படுபவை. இன்னொரு மென்பொருள் அவற்றை வாங்கிக் காட்டும். .exe, .scr, .msi, .bat, .cmd, .vbs, .js, .hta போன்றவை இயங்குபவை. கிளிக் செய்த கணமே உங்கள் பெயரில், உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமையோடு கட்டளைகள் ஓடத் தொடங்கும். .js என்றால் வெப்சைட்டில் இருப்பதுதானே என்று கொஞ்சம் தெரிந்தவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். பிரவுசருக்குள் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கோப்பாக இறக்கிக் கிளிக் செய்தால் விண்டோஸே அதை wscript.exe மூலம் ஓட்டும், அந்தக் கட்டுப்பாடு எதுவும் அங்கே இல்லை. நான் பார்க்கும் அலுவலகங்களில் .js, .vbs இரண்டும் எப்போதும் Notepad-ல் திறக்கும்படி மாற்றி வைத்துவிடுவேன். யாராவது கிளிக் செய்துவிட்டாலும் புரியாத எழுத்துகள் கொட்டிக் கிடப்பதைத்தான் பார்ப்பார்கள்.

நடுவில் ஒரு சங்கடமான கூட்டம் இருக்கிறது. .docm, .xlsm இரண்டும் மேக்ரோ என்ற கட்டளைத் தொகுப்பைச் சுமக்கும் ஆபீஸ் கோப்புகள், கடைசி m அதற்குத்தான். .html கோப்பு பிரவுசரில் திறந்து உங்கள் மெயில் லாகின் பக்கம்போலவே ஒரு பக்கத்தைக் காட்டும். முகவரிப் பட்டையைப் பார்த்தால் இணையதளப் பெயருக்குப் பதிலாக உங்கள் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் வழி இருக்கும். பி.டி.எஃப் பெரும்பாலும் படிக்கப்படுவதுதான், ஆனால் ஆவணம் பூட்டியிருக்கிறது, இங்கே கிளிக் செய்யுங்கள் என்று ஒரு பெரிய பொத்தானை மட்டும் காட்டும் பி.டி.எஃப் உங்களை வேறு ஒரு ஜிப்புக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறது.

உறைக்குள் உறை வைத்து அனுப்புவதும் உண்டு. 2022-ல் க்வாக்பாட் என்ற தீநிரல் வந்த வழியைச் சொன்னால் புரியும். மெயிலில் ஒரு .html. அதைத் திறந்தால் பிரவுசரே பூட்டிய ஜிப் ஒன்றை உண்டாக்கிச் சேமிக்கும், பாஸ்வேர்டும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஜிப்புக்குள் .iso, அதாவது ஒரு டிஸ்க்கின் நகல். அதைக் கிளிக் செய்தால் புதிய டிரைவ்போலத் திறக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு ஷார்ட்கட். அதைக் கிளிக் செய்தால் எல்லாம் முடிந்தது. ஒரு ஆர்டரை அனுப்ப நான்கு உறை யாருக்கும் தேவைப்படாது. ஜிப்புக்குள் இன்னொரு ஜிப்போ .iso-வோ இருந்தாலே நான் நிறுத்திவிடுவேன்.

இத்தனை உறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் மேல் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துகிறது. அதைப் படித்தால் இப்படி இருக்கும்:

```
[ZoneTransfer]
ZoneId=3
```

3 என்றால் வெளியிலிருந்து வந்தது. வேர்ட், எக்செல் இரண்டும் இதைப் பார்த்துத்தான் மஞ்சள் பட்டையோடு, எதையும் மாற்ற முடியாத நிலையில் கோப்பைத் திறக்கின்றன. 2022 முதல் இந்த முத்திரை உள்ள கோப்பில் மேக்ரோ ஓடுவதையும் மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. ஜிப்பைப் பிரிக்கும்போது இந்த முத்திரை உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும். விண்டோஸின் சொந்தப் பிரிப்பான் சேர்த்துவிடும். 7-Zip என்ற பிரிப்பான் 2022-ல் வந்த 22.00 பதிப்பில்தான் இந்த வசதியையே கொண்டுவந்தது, அதுவும் அணைத்த நிலையில். Tools, Options போய் 7-Zip பக்கத்தில் Propagate Zone.Id stream என்பதை Yes ஆக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ-வுக்குள் இருந்த கோப்புகளுக்கும் 2022 நவம்பர் அப்டேட் வரை முத்திரை போய்ச் சேரவில்லை. திருடர்கள் ஐ.எஸ்.ஓ-வை அவ்வளவு விரும்பியதற்கு அதுதான் காரணம்.

பிரிக்கும் மென்பொருளே ஓட்டையாக இருப்பதும் நடந்திருக்கிறது. 2023-ல் வின்ரார் என்ற பிரிப்பானில் திறந்த கோப்பு ஒன்றுக்குள் தெரிந்த படத்தைக் கிளிக் செய்தால், படத்தின் பெயரிலேயே இருந்த ஃபோல்டரில் ஒளித்து வைத்த ஸ்கிரிப்ட் ஓடியது. அந்த வருஷம் ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில் சரிசெய்தார்கள். ஆனால் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. எப்போதோ போட்ட பழைய பதிப்பு நம் ஊரில் எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. சுருட்டிய கோப்பின் ஜன்னலுக்குள் வைத்தே எதையும் கிளிக் செய்யாதீர்கள். பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டபின் திறந்து பாருங்கள். அப்படிப் பிரிக்கும்போது கம்ப்யூட்டரில் இருக்கும் ஆன்டிவைரஸுக்கும் முதல் முறையாகக் கோப்பைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது. மெயில் சேவைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

பட்டியலில் .pdf, .xlsx மட்டும்தான் இருக்கிறது, Type பத்தியும் அதையே சொல்கிறது என்றால் என்ன செய்வது? அப்போதும் முதல் வேலை போன் செய்வது. மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, பழைய இன்வாய்ஸிலோ உங்கள் போனிலோ ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு. அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்பதில் பயனில்லை. அவர் பெட்டி திருடன் கையில் இருந்தால் ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்று அவனே பதில் எழுதுவான். பூட்டில்லாமல் அனுப்பச் சொல்லிக் கேட்பதும் நல்லது. உண்மையான ஆளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

யாரையும் கேட்க வழியில்லை, திறந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை அபூர்வம். அப்படி வந்தால் விண்டோஸ் ப்ரோ பதிப்பில் Windows Sandbox என்ற வசதி இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. Turn Windows features on or off என்ற இடத்தில் அதை இயக்கினால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு தற்காலிக விண்டோஸ் திறக்கும். கோப்பை அங்கே ஒட்டித் திறக்கலாம். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட இடத்தில் ஓடுகிறோம் என்று கண்டுபிடித்துச் சும்மா இருந்துவிடும் தீநிரல்களும் உண்டு. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து வெளியே கொண்டுவந்து திறந்துவிடாதீர்கள்.

பல ஆன்டிவைரஸ்களை வைத்துக் கோப்பைச் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். பூட்டிய ஜிப்பை அப்படியே ஏற்றினால் உள்ளே பார்க்க முடியாத கோப்புக்குத்தான் சான்றிதழ் கேட்கிறீர்கள், சிவப்பு இல்லாதது எதையும் நிரூபிக்காது. பிரித்து ஏற்றினாலோ அந்தக் கோப்பு அங்கே சந்தா கட்டியிருக்கும் பல நிறுவனங்களின் கைக்கும் போகும். உண்மையிலேயே பையரின் விலைப்பட்டியலாக இருந்தால் நீங்களே அதை வெளியே கொடுத்ததாக ஆகிவிடும்.

போனில் வரும் இணைப்புக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் முடிவில் .apk இருந்தால் அது பத்திரிகையும் அல்ல, ரசீதும் அல்ல. ஆண்ட்ராய்டில் போய் உட்காரும் ஆப். நிறுவட்டுமா என்று போன் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

கை தவறிக் கிளிக் செய்துவிட்டால்? வைஃபையை அணையுங்கள் அல்லது நெட் கேபிளைப் பிடுங்குங்கள், அதற்குப் பிறகு யாரையாவது கூப்பிடுங்கள். ஒன்றும் திறக்கவில்லையே, ஜன்னல் மின்னி மறைந்ததே என்று மறுபடி கிளிக் செய்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அந்த மின்னலிலேயே அது ஓடியிருக்கும். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள், அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் திருடு போகலாம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிய வேண்டும். அங்கே நிமிஷங்கள்தான் கணக்கு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் மீட்க வழி.

திருப்பூர் மெயிலுக்கு வருகிறேன். அனுப்பியவர் பெயரின் மேல் மவுஸை வைக்கச் சொன்னேன். பெயர் பையருடையது, பின்னால் இருந்த முகவரி சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டொமைன். பழைய பேக்கிங் லிஸ்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். அந்தப் பக்கம் எடுத்தவர் நாங்கள் சொல்லி முடிக்கும் முன்பே, காலையிலிருந்து இது ஆறாவது போன் என்றார். அவர்கள் மெயில்பெட்டிதான் திருடு போயிருந்தது. உண்மையான திருத்திய ஆர்டரும் இருக்கத்தான் செய்தது. இரண்டு நாள் கழித்து வந்தது, பூட்டு எதுவும் இல்லாத ஒரு பக்க பி.டி.எஃப்பாக. நேவி ப்ளூவில் மீடியம் சைஸ் மட்டும் கூட்டியிருந்தார்கள்.